ஒன்றரை அங்குல இடம்

லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டின் முன்னறையில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி வந்தேன். ஆறு மெஷின்கள். காலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கூட்டம். நடுவில், பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை, ஆறும் உறை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த நாலு மணி நேரத்தை நான் வெறுத்தேன். என் கணவர் வேலை பார்த்த இன்ஜினியரிங் கம்பெனியில் லாக்-அவுட் ஆகி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அவரும் அதே நேரத்தில் அதே அறையில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மெஷின்களுக்காவது உறை இருந்தது.

எழுபதுகளின் பிற்பாதி அது. கம்பெனி கேட்டில் பூட்டு தொங்குவதும், திடீரென்று கரண்ட் போவதும் கல்கத்தாவில் யாரும் பெரிதாகப் பேசுகிற விஷயங்களாக இல்லை. கரண்ட் போனால் எனக்குக் கவலையும் இல்லை. டைப்ரைட்டருக்குக் கரண்ட் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும்.

என்னிடம் படித்து ஹையர் பரீட்சை பாஸ் பண்ணின இரண்டு பெண்கள் வேலை கிடைக்காமல் இருந்தார்கள். நானும் நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பேன். மூன்று ஜோடிக் கைகள், ஆறு மெஷின், நாலு மணி நேரம். இதற்கு எங்கிருந்தாவது வேலை வரவேண்டும். ஜாதவ்பூரில் யூனிவர்சிட்டி இருக்கிறது, அங்கே ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் வருஷம் முழுக்க தீசிஸ் எழுதுகிறார்கள், அதையெல்லாம் யாரோ டைப் அடிக்கிறார்கள். அந்த யாரோ நானாக ஏன் இருக்கக் கூடாது?

ஆனால் ஆராய்ச்சி மாணவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? கேட்டுக்கு வெளியே நின்று நோட்டீஸ் கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். என் கணவர்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"தீசிஸ் எழுதறவா எல்லாரும் கடைசியில ஒரு இடத்துக்குப் போய்த்தானே ஆகணும். பைண்டிங்குக்கு."

அந்த ஒரு வரிக்காக அவர் ஏழு மாதம் சும்மா இருந்ததை மன்னித்தேன்.

என் அண்ணா பாங்கில் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். ஜாதவ்பூரில் எட்டு-பி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பைண்டிங் கடை இருக்கிறது, அதன் சொந்தக்காரரோடு சேர்ந்து வேலை செய்யக் கேட்கப் போகிறேன் என்றேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"கடை கடையா ஏறி இறங்கப் போறியா? நம்மாத்துப் பொண்ணு பண்ற காரியமா இது? ஒரு அப்ளிகேஷன் எழுதிக் குடு. டைபிஸ்ட் போஸ்ட் ஏதாவது வந்தா நான் சொல்லி வைக்கறேன்."

"எனக்குப் போஸ்ட் வேண்டாம் அண்ணா. ஆறு மெஷின் இருக்கு."

"மெஷினை வித்துடலாம்."

"அதைத்தான் நான் பண்ணப் போறதில்லை."

அவர் என் கணவரைப் பார்த்தார், நீங்களாவது சொல்லக் கூடாதா என்பதுபோல. என் கணவர், "அவ பேசினா அந்த மனுஷன் கேப்பார்" என்று மட்டும் சொன்னார். அண்ணா மிச்சக் காபியைக் குடிக்காமலேயே கிளம்பினார். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லுவார்கள். அதை ஒரு குற்றச்சாட்டாக நான் எடுத்துக்கொண்டதே இல்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். ஒடுங்கலான, நீளமான கடை. முன்னால் ஒரு பெரிய கட்டிங் மெஷின், அதன் இரும்புச் சக்கரம் ஆள் உயரம். பின்னால் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். பசை நாற்றம், அட்டைமேல் ஒட்டுகிற புதுக் காலிகோ துணியின் வாசனை. சுவரோரம் சிவப்புத் துணி போட்ட கணக்கு நோட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வங்காளப் புது வருஷத்துக்கு எல்லாக் கடைக்காரர்களும் பூஜை போட்டுப் புதுக் கணக்குத் திறப்பார்களே, அதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த நோட்டுகள். சொந்தக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தடித்த கண்ணாடி, பனியன் மேல் ஒரு துண்டு, விரல்நகம் எல்லாவற்றிலும் காய்ந்த பசை.

எனக்கு வங்காளம் நன்றாக வரும். அப்பா ரயில்வேயில் இருந்ததால் நான் பிறந்ததே இந்த ஊரில்தான். ஆனாலும் பெயரைக் கேட்டதும், "மதராஸியா?" என்றார். ஆமாம் என்றேன்.

நான் தயாராகப் போயிருந்தேன், அதுதான் தப்பு. வீட்டு நிலைமை, லாக்-அவுட், ஆறு மெஷின், வேலையில்லாத இரண்டு பெண்கள் என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். உங்களிடம் வருகிற மாணவர்களை என்னிடம் அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். கை மட்டும் ஓர் அட்டையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"தீதி, உங்க கஷ்டம் புரியுது," என்றார். அக்கா என்பதைத் தீதி என்றும் அண்ணா என்பதைத் தாதா என்றும்தான் இந்த ஊரில் சொல்வார்கள். "ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு மெஷினை இங்க கொண்டாந்து பின்னால போடுங்க. நீங்களே உக்காந்து அடிங்க. மாசம் ஒரு சம்பளம் தரேன்."

காது சூடானது எனக்கு. அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. உதவி கேட்டு வந்தவளுக்கு உதவி செய்கிறார். அப்படித்தானே நான் பேசியிருந்தேன்?

"தாதா, நான் வேலை கேட்டு வரலை. எனக்கும் ஒரு தொழில் இருக்கு, உங்களுக்கும் ஒரு தொழில் இருக்கு. ரெண்டும் சேர்ந்து வேலை செய்யலாமான்னு கேக்க வந்தேன்."

"பார்ட்னர் எல்லாம் வேண்டாம் தீதி. ஒரு தடவை வெச்சுப் பாத்துட்டேன். அவன் போனப்போ என் தங்க எழுத்தையெல்லாம் எடுத்துட்டுப் போனான்." புத்தக முதுகில் பெயர் பதிக்கிற பித்தளை எழுத்துகளைத்தான் சொன்னார். "இனிமே இந்தக் கடையில என் கை மட்டும்தான்."

"சரி. வரேன்" என்று கிளம்பினேன்.

வாசற்படியில் இறங்கும்போதே ஒரு மாணவன் உள்ளே நுழைந்தான். கையில் கருநீலத் துணியில் பைண்ட் பண்ணின ஒரு தீசிஸ். அதை மேஜைமேல் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தித் திறந்து பிடித்தான்.

"பாருங்க. இதை எப்படிப் படிக்கறது? ஒவ்வொரு வரியிலும் முதல் ரெண்டு எழுத்து உள்ள போயிடுச்சு. என் கைடு தூக்கி எறிஞ்சுட்டார்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "டைப் அடிச்சவன் இடமே விடலையே. தனித்தனித் தாளை ஓரமா ஊசி போட்டுத்தான் தைக்கணும், எனக்கு முக்கால் அங்குலம் வேணும். அவன் விட்டது ஒரு அங்குலம் கூட இல்லை. நான் எங்க போய்த் தைக்கறது, காத்துலயா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பைண்ட் பண்ணினது நீங்கதானே?"

நான் படியிலேயே நின்றேன். சண்டை கால் மணி நேரம் நடந்தது. தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் தலை நிமிரவில்லை. இது அங்கே புதிது இல்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தப்பு பண்ணினவன் எங்கேயோ ஒரு டைபிஸ்ட். திட்டு வாங்குகிறவர் இவர்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, என் மேலேயே எனக்கு வந்த கோபத்தைத் தின்றுகொண்டே வந்தேன். அந்த மனுஷருக்கு என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. என் கஷ்டத்தைக் கடை பரப்பிவிட்டு, அவர் சம்பளம் தருகிறேன் என்றால் ரோஷம் வேறு. ஆனால் அந்த ரோஷத்தை நான் விடுவதாக இல்லை. விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அன்றைக்குச் சாயங்கால வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து ஒரே பக்கத்தை இரண்டு விதமாகப் பத்துப் பத்துத் தாள் அடித்தேன். முதல் பத்தில் இடது ஓரம் ஓர் அங்குலம். எல்லா டைபிஸ்ட்டும் பழக்கத்தில் விடுகிற இடம் அது. இரண்டாவது பத்தில் ஒன்றரை அங்குலம். என் மெஷினில் ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து, அதனால் மார்ஜின் ஸ்டாப்பை ஐந்து எழுத்து தள்ளி வைத்தால் போதும். அவ்வளவுதான் வித்தியாசம், ஐந்து எழுத்து. பிறகு பழைய செய்தித்தாளை மேலும் கீழும் கனமாக வைத்து, அந்த மாணவனின் தீசிஸ் அளவுக்குத் தடிமனாக்கி, என் கணவர் கோணி ஊசியால் ஓரத்தில் துளை போட, நான் நூல் கோத்துத் தைத்தேன். கோணல் மாணலாக இரண்டு புத்தகம் வந்தது. முதல் புத்தகத்தைத் திறந்தோம். வரியின் ஆரம்பம் மடிப்புக்குள் போயிருந்தது. இரண்டாவதில் ஒவ்வோர் எழுத்தும் வெளியே நின்றது.

"இதை எடுத்துண்டு போ" என்றார் அவர். வேலை போனபிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு உற்சாகத்தை அன்றுதான் பார்த்தேன்.

வங்காளப் புது வருஷம் வரை காத்திருந்தேன். அதற்கு முன் போனால் அவருக்குக் கணக்கு நோட்டு வேலை கழுத்துவரை இருக்கும். புது வருஷம் கழிந்த மறுவாரம் போனபோது கடையே வேறு கடைபோல இருந்தது. சுவரோர அடுக்குகள் எல்லாம் காலி. தைக்கிற இரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. கடைக்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியுமா தீதி?"

"மறுபடியும்தான்." என் இரண்டு புத்தகங்களையும் அவர் முன்னால் வைத்தேன். "இதைத் திறந்து பாருங்க."

முதலில் தையலைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு முதல் புத்தகத்தைத் திறந்தார், இரண்டாவதைத் திறந்தார், மறுபடி முதலாவதைத் திறந்தார். சிரிப்பு நின்றது.

"அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டேன்," என்றேன். "யாரோ செய்யற தப்புக்கு உங்களைத் திட்டறாங்க. மாசத்துக்கு எத்தனை தடவை?"

"அதை ஏன் கேக்கறீங்க."

"என்கிட்ட அடிக்கற தீசிஸ்ல இந்தச் சண்டை வராது. உங்க ஊசிக்கு எவ்வளவு இடம் வேணும்னு நீங்க சொல்லுங்க, அவ்வளவு விடறேன். இன்னொண்ணு. இப்போ எல்லாரும் கடைசி நாள் ஓடிவந்து நாளைக்கே வேணும்கறாங்க. பசை காயறதுக்கு முன்னாடி அழுத்தி வெச்ச இடத்துலேர்ந்து எடுக்கச் சொல்றாங்க. இல்லையா?"

"மழைக்காலத்துல ரெண்டு நாள் ஆனாலும் காயாது," என்றார் அவர், தன்னை அறியாமல்.

"என்கிட்ட டைப் ஆகிட்டிருந்தா, எந்தக் கட்டு என்னிக்கு முடியும்னு ஒரு வாரம் முன்னாலயே எனக்குத் தெரியும். எத்தனை பக்கம், எத்தனை காப்பின்னு உங்களுக்குச் சொல்லி அனுப்பறேன். நீங்க அட்டை வெட்டி, துணி எடுத்து, எழுத்துக் கோத்து வெச்சுக்கலாம். இப்போ இருந்து துர்கா பூஜைவரைக்கும் உங்களுக்குக் கணக்கு நோட்டு வேலை இல்லை. தீசிஸ் வேலை இருக்கும்."

அவர் இரண்டு புத்தகங்களையும் மூடி வைத்தார். அன்றைக்குப்போல எந்த அட்டையின் ஓரத்தையும் கை தேய்க்கவில்லை.

"இதுல உங்களுக்கு என்ன தீதி?"

"எனக்கு நிறைய. எத்தனை நாளாகும், என்ன துணின்னு விசாரிக்க ஆராய்ச்சி பண்றவங்க ரெண்டு மாசம் முன்னாடியே உங்ககிட்ட வர்றாங்க. என்னை யாருக்கும் தெரியாது. என் மெஷின் பகல்ல நாலு மணி நேரம் சும்மா கிடக்கு. எனக்கு லாபம் இல்லேன்னா நான் வெயில்ல ரெண்டு தடவை வருவேனா?"

இப்போதுதான் சிரித்தார். ஆனால் உடனே மறுபடி இறுகினார். "நான் அனுப்பி, நீங்க லேட் பண்ணினா, தப்பு அடிச்சா, அதுக்கும் என்னைத்தான் திட்டுவாங்க. பார்ட்னர்னா இதுதான். அவன் பண்றது நம்ம தலையில."

"அதனாலதான் பார்ட்னர்னு சொல்லலை. உங்க கடை உங்களோடது, என் மெஷின் என்னோடது. நீங்க உங்க கூலியை வாங்குங்க, நான் என் கூலியை வாங்கறேன். பங்கு இல்லை, கமிஷன் இல்லை, எழுத்துப் பத்திரம் இல்லை. ஒரே ஒரு தீசிஸ் அனுப்புங்க. ஒண்ணு. அது சரியா வரலேன்னா நான் இந்தப் படியே ஏற மாட்டேன். நீங்களும் என்னைக் கூப்பிட வேண்டாம்."

"பின்னால ரூம் காலியாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக. "அங்க வந்து உக்காந்தா என் கண் முன்னாடி நடக்கும்."

"வர மாட்டேன் தாதா. அதை மட்டும் கேக்காதீங்க."

எனக்குப் பயம்தான். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் கெஞ்சலாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் அவர் எழுந்து போய், கனமான மில் அட்டையில் ஸ்கேல் வைத்து ஒரு நீளத் துண்டு வெட்டினார். சரியாக ஒன்றரை அங்குல அகலம்.

"தாளோட இடது ஓரத்துல இதை வெச்சுப் பாருங்க. ஒரு எழுத்துகூட இதுக்கு அடியில வரக் கூடாது. ஒரு பொண்ணு இருக்கா, செடி கொடி ஆராய்ச்சி. நாளைக்கு உங்ககிட்ட வரச் சொல்றேன். ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்" என்றேன் நானும்.

அந்தப் பெண் மறுநாள் வந்தாள். மெலிந்த உடம்பு, தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் கையெழுத்துப் பிரதி. ஏற்கெனவே ஒரு டைபிஸ்ட் பாதி அடித்துப் பாழாக்கியிருந்தார். சமர்ப்பிக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நூற்று நாற்பது பக்கம், ஐந்து காப்பி. செடிகளின் லத்தீன் பெயர்களைக் கோடிட்டு அடிக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் வேறு செடியாகிவிடும்.

ஐந்து காப்பி என்றால் ஐந்து தாள், நடுவே நாலு கார்பன். ஓங்கி அடிக்காவிட்டால் ஐந்தாவது தாளில் எழுத்து ஆவிபோல இருக்கும். தப்பு வந்தால் ஐந்து தாளிலும் தனித்தனியே அழிக்க வேண்டும், அடியில் கார்பன் கறை படாமல் ஒரு காகிதத் துண்டைச் செருகிக்கொண்டு. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு அத்தியாயமாக எடுத்துக்கொண்டோம். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் சூடாறுமுன் படித்தாள். என் கணவர் கார்பனும் தாளும் அடுக்கித் தயார் பண்ணினார். கரண்ட் போகும், மின்விசிறி நிற்கும், வேர்வை தாளில் விழாமல் மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்தின்மேலும் அந்த அட்டைத் துண்டை வைத்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் முடித்தோம். முடிகிற நாளை நான்காம் நாளே கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

கட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் பகலில் அந்தப் பெண் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. "தாதா உங்களைக் கூப்பிடறார். உடனே."

போனேன். ஐந்து காப்பியும் தைத்து, பசை தடவி, அட்டை போடக் காத்திருந்தன. ஒன்றை மட்டும் கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் ஓரம் வெட்டியிருந்தார். அதன் மேல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். வலது மூலையில் நான் அடித்திருந்த பக்க எண்கள் பாதியாக நின்றன. சிலவற்றில் கால்வாசிகூட இல்லை. பல பக்கத்தில் எண்ணே போய்விட்டது.

"இதுதான் நீங்க சொன்ன சரியா?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. தைக்கிறவர்கள் இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார்கள்.

நான் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எண்களை மேல் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் அடித்திருக்கிறேன். என் மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற இடம் அது. ஓரம் வெட்டப்படுகிற தாளுக்கு அது போதாது. எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் பைண்டர் இல்லை. அவர் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் டைபிஸ்ட் இல்லை.

"தாதா, இதுல என் தப்பு இருக்கு. கேட்டிருக்கணும், கேக்கலை. ஆனா முழுத் தப்பையும் நான் வாங்கிக்க மாட்டேன். நீங்க குடுத்தது இடது பக்க அளவு மட்டும்தான். மேல எவ்வளவு வெட்டுவீங்கன்னு சொல்லலை. வெட்டறதுக்கு முன்னாடி எண் எங்க இருக்குன்னு பாக்கவும் இல்லை."

"மேல வெட்டுவோம்னு யாருக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரியாது. தெரியாததாலதானே உங்ககிட்ட வந்தேன்."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"மத்த நாலையும் மேல வெட்டாதீங்க," என்றேன். "உப்புக் காகிதத்தால தேய்ச்சு விடுங்க. வெட்டினதை என்ன பண்ணலாம்?"

"திரும்ப அடிக்கணும். நூத்தி நாப்பது பக்கம்."

"வேண்டாம். பசை முழுசாக் காயலையே. தையலைப் பிரிக்க முடியுமா?"

அவர் முதுகை விரலால் அழுத்திப் பார்த்தார். "பிரிக்கலாம். அதே துளையில திரும்பத் தைக்கலாம். பிரிச்சு?"

"தனித்தாளாக் குடுங்க. கீழே நடுவுல புது எண் அடிச்சுத் தரேன். மேல பாதியா நிக்கறதை அழிச்சுடலாம்."

அவர் ஒரு சின்னக் கத்தியை எடுத்து, நானே எதிர்பார்க்காத வேகத்தில் நூலை அறுக்க ஆரம்பித்தார். லட்சம் தடவை தைத்த கை, பிரிக்கவும் தெரிந்திருந்தது. ஒரு தாள் கூடக் கிழியவில்லை. பிரித்த கட்டைத் துணியில் சுற்றினார். நான் கையை நீட்டினேன். தரவில்லை.

"நானே கொண்டு வரேன். நானும் இருக்கணும்."

ரிக்ஷாவில் கட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் அவர் போக, நானும் அந்தப் பெண்ணும் இன்னொன்றில் பின்னால் போனோம். எங்கள் முன்னறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவர், ஆறு மெஷின்களையும் சுற்றிப் பார்த்தார். பின்னறை சமாச்சாரத்தை அதற்குப்பிறகு அவர் எடுத்ததே இல்லை. என் கணவர் பாய் விரித்தார். அந்தப் பெண் சரியான வரிசையில் தாளை எடுத்துத் தர, நான் அடிக்க, கடைக்காரர் வாங்கி மேலே நின்ற அரைகுறை எண்களைத் தன் பழைய பிளேடால் சுரண்டினார். காகிதம் துளைபடாமல் மையை மட்டும் சுரண்டுகிற அந்த வித்தையை அன்றுதான் பார்த்தேன். எங்கள் ரப்பர் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நடுவில் என் கணவர் காபி கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இவ்வளவு கசப்பா எப்படிக் குடிக்கறீங்க?" என்றார் கடைக்காரர். ஆனால் டம்ளரைக் காலி பண்ணினார்.

மூன்று மணி நேரத்தில் முடிந்தது. கட்டைத் துணியில் சுற்றும்போது அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தப்புல பாதி உங்களோடது. பாதி என்னோடது."

"சரி" என்றேன். அதற்குமேல் நான் ஒரு அங்குலமும் இறங்கி வரவில்லை, அவரும் வரவில்லை.

அந்தப் பெண் குறித்த நாளில் சமர்ப்பித்தாள். கடைக்காரர் மறுவாரம் ஆள் மூலம் ஒரு புது அட்டை அனுப்பினார். ஒரு தாள் அளவு, நாலு பக்கமும் கோடு போட்டது. இடது பக்கம் ஒன்றரை அங்குலம், மேலே ஓர் அங்குலம், எண் எங்கே வரவேண்டும் என்று ஒரு சிவப்புப் புள்ளி. அதன்மேல் தாளை வைத்து அளவு பார்த்துக்கொண்டு அடிக்கிற பழக்கம் எங்களுக்கு வந்தது. அட்டையோடு இரண்டு பேர் பெயரும் வந்தது. இரண்டு பேரும் ஆராய்ச்சி மாணவர்கள், ஒருவருக்குப் பூஜைக்கு முன், ஒருவருக்குப் பூஜைக்குப் பின். 'ஒண்ணுதான்' என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அண்ணாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் அடித்துக்கொண்டிருந்தோம். அறையில் பேச முடியாத சத்தம். என் கணவர் காப்பிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். "ஞாயித்துக்கிழமை கூடவா?" என்றார். "ஞாயித்துக்கிழமையும்தான்" என்றேன். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். சுத்தமாக அடித்திருக்கிறதா என்று பார்க்கிறவர்போல ஒரு பக்கத்தை எடுத்து, கடைசிவரைக்கும் படித்தார். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாவது வருஷம் யூனிவர்சிட்டி கேட்டுக்கு நேரே ஒரு பெரிய கடை வந்தது. எலெக்ட்ரிக் டைப்ரைட்டர், ஸெராக்ஸ் மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் வைத்திருந்தார்கள். அதன் சொந்தக்காரர் ஒரு நாள் பைண்டரிடம் போய், டைப், ஸெராக்ஸ், பைண்டிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வரட்டும், நீங்கள் என்னோடு வாருங்கள், அந்த மதராஸி அம்மாவையும் மாசச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பைண்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என் பதில் எனக்குத் தெரியும். உங்க பதிலை நான் சொல்லக் கூடாது. அதனால கூப்பிட்டேன்" என்றார்.

"உங்க பதில் என்ன தாதா?"

"ஓரம் வெட்டறதை மனசுல வெச்சு எண் அடிக்கற டைபிஸ்ட் அவன்கிட்ட இருக்காங்களான்னு கேட்டேன். அப்படின்னா என்னன்னு கேட்டான்."

நான் அங்கிருந்து நேராக அந்தப் புதுக் கடைக்கு நடந்து போனேன். சொந்தக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. இரண்டு பேரும் வரமாட்டோம் என்றேன். உங்களிடம் காப்பி எடுக்க வருகிறவர்களைத் தடுக்க மாட்டோம், எங்களுக்கே காப்பி வேண்டியிருந்தால் உங்களிடம்தான் வருவோம், ஆனால் எங்கள் வேலை எங்களுடையது என்றேன். அவர் இன்னும் அதிகமாகத் தருகிறேன் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் கேட்டு முடிக்கவில்லை.

வெளியே வந்தபோது ரோட்டில் கரண்ட் போயிருந்தது. அவர் ஜெனரேட்டர் கடகடவென்று எழுந்தது. எனக்கு இரண்டு மணிக்குக் கணித ஆராய்ச்சி ஒன்று காத்திருந்தது. முழுக்கக் கிரேக்க எழுத்துகள், மெஷினில் இல்லாததால் இடம் விட்டுக் கையால்தான் எழுத வேண்டும். ஜன்னல் வெளிச்சம் நாலரை வரைக்கும் இருக்கும். வேகமாக நடந்தேன்.